கணுக்கால் இறுகிப்போயி ஸ்குவாட் இறங்கலன்னா: குதிகால் கட்டை, பயிற்சி, ஷூ, எது எவ்வளவு உதவும்

கேள்வி: "ஓசூர்ல கம்பெனி வேலை, வயசு 27. ஒரு வருஷமா ஜிம் போறேன். பார்பெல் ஸ்குவாட்ல பாதிக்கு மேல இறங்க முடியல, இறங்குனா குதிகால் தூக்குது, முன்னாடி கவுந்துடறேன். காலேஜ்ல கபடி ஆடறப்ப வலது கணுக்கால் ரெண்டு தடவ சுளுக்கிருக்கு. குதிகாலுக்கு அடியில பிளேட் வச்சா நல்லா இறங்குது. ஆனா கோச் அது ஏமாத்து வேலை, முட்டி போயிடும்ங்கறார். ஸ்ட்ரெட்ச் பண்ணா சரியாகுமா, இல்ல லிஃப்டிங் ஷூ வாங்கிடவா?"

ஷூவா ஸ்ட்ரெட்ச்சாங்கறது ரெண்டாவது விஷயம் தம்பி. உங்க கணுக்கால் இனிமே மாறக்கூடிய கணுக்காலா, இல்ல இவ்ளோதான்னு இருக்கற கணுக்காலா, அது தெரிஞ்சாதான் மத்ததுக்கு பதில் சொல்ல முடியும். நான் தர்மபுரில பிசியோதெரபி பாக்கறேன், சாயங்காலத்துல ஒரு ஜிம்லயும் ஆளுங்களுக்கு சொல்லித்தரேன், அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். ஆனா உங்க காலை நான் தொட்டுப் பாக்கல, அதனால நீங்களே வீட்ல எப்படி கண்டுபிடிக்கறதுங்கறதைத்தான் பெருசா எழுதறேன், அதுக்கப்புறம் மத்தது.

முதல்ல குதிகால் ஏன் தூக்குதுன்னு பாருங்க. தோள்ல பார் இருக்கறப்ப அந்த வெயிட் உங்க பாதத்தோட நடுப்பகுதிக்கு நேர் மேல இருக்கணும், இல்லன்னா விழுந்துடுவீங்க. கீழ இறங்க இறங்க இடுப்பு பின்னாடி போகும், அதுக்கு ஈடா முட்டி முன்னாடி வரணும், முட்டி முன்னாடி வரணும்னா முழங்காலுக்குக் கீழ இருக்கற எலும்பு பாதத்து மேல முன்னாடி சாயணும். அந்த சாய்வுதான் கணுக்கால் குடுக்கறது. அது பாதியில நின்னுபோச்சுன்னா உடம்புக்கு மூணு வழிதான் இருக்கு. ஒண்ணு நெஞ்சை முன்னாடி கவுத்து பேலன்ஸ் பண்ணும், இல்லன்னா குதிகாலைத் தூக்கி சாய்வை கடன் வாங்கும், அதுவும் இல்லன்னா பாதத்து வளைவை உள்பக்கமா சரிச்சு முட்டியையும் உள்ள தள்ளும். நீங்க சொன்னதுல முதல் ரெண்டும் இருக்கு. பிளேட் வச்ச உடனே இறங்குதுன்னா இடுப்பு மூட்டுல பெரிய தடை இல்லன்னு ஓரளவு நம்பலாம், ஏன்னா இடுப்புதான் தடைன்னா குதிகாலை எவ்ளோ தூக்குனாலும் அதே இடத்துலதான் நிக்கும்.

ஓரளவுன்னு ஏன் சொல்றேன்னா தொடை எலும்பு நீளமா இருக்கறவங்களுக்கு கணுக்கால் நல்லா இருந்தாலும் பிளேட் வச்சா சுலபமா இருக்கும். அதனால அளந்து பாத்துடுங்க. ஒரு சுவரு, ஒரு 15 சென்டிமீட்டர் ஸ்கேல் போதும். செருப்பு ஷூ எல்லாம் கழட்டிட்டு சுவரைப் பாத்து நில்லுங்க, கட்டைவிரல் நுனி சுவர்லருந்து கொஞ்ச தூரத்துல இருக்கட்டும், குதிகால் தரையை விட்டு எழும்பாம முட்டியால சுவரைத் தொடுங்க. தொட்டுச்சுன்னா பாதத்தை இன்னும் கொஞ்சம் பின்னாடி நகத்துங்க, முட்டி கடைசியா தொடற தூரம் எதுவோ அதை கட்டைவிரல்லருந்து சுவருக்கு அளந்து எழுதிக்கங்க. ரெண்டு காலும் தனித்தனியா. இதுல ஏமாத்தறது ரொம்ப சுலபம், பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினாலோ வளைவு உள்ள சரிஞ்சாலோ ரெண்டு சென்டி சும்மா கூட வந்துடும், அதனால முட்டி ரெண்டாவது விரலுக்கு நேரா போகணும், யாராவது பக்கத்துல உக்காந்து குதிகாலுக்கு அடியில ஒரு பேப்பரை வச்சு இழுத்துப் பாத்தா இன்னும் நல்லது, பேப்பர் வந்துடுச்சுன்னா குதிகால் எழும்பிடுச்சுன்னு அர்த்தம். காலைல ஜிம்முக்குப் போறதுக்கு முன்னாடி, உடம்பு சூடாகாதப்ப அளக்கணும், ஒவ்வொரு வாரமும் அதே நேரத்துல.

10 சென்டி பக்கம் வந்துச்சுன்னா பெரும்பாலான ஆளுங்களுக்கு ஸ்குவாட்ல கணுக்கால் தடையா இருக்காது, அப்ப பிரச்சனை காலை எவ்ளோ அகலமா வைக்கறீங்க, எப்படி இறங்கறீங்கங்கறதுலதான். 5, 6க்கு கீழன்னா இறுகி இருக்குன்னு தைரியமா சொல்லலாம். நடுவுல இருக்கறது ஆளோட உயரத்தையும் தொடை நீளத்தையும் பொறுத்தது. இந்த அளவுல ஒவ்வொரு சென்டிமீட்டரும் கணுக்கால்ல சுமார் மூன்றரை டிகிரி சாய்வு, இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்கங்க, கீழ கட்டைக்கு தேவைப்படும். ரெண்டு காலுக்கும் நடுவுல ரெண்டு சென்டிக்கு மேல வித்தியாசம் வந்தா அதுவும் முக்கியம், பழைய சுளுக்கு இருக்கற கால் குறைவா வர்றது ரொம்ப சகஜம், உங்க வலது அப்படித்தான் வரும்னு நினைக்கறேன்.

நம்பரை விட முக்கியமானது ஒண்ணு இருக்கு, முட்டி இனிமே போகாதுன்னு நிக்கற அந்த கடைசி இடத்துல உங்களுக்கு எங்க பிடிக்குது? பின்னாடி, கெண்டைக்கால் கீழ்ப்பாதிலயோ குதிகால் நரம்புகிட்டயோ (நரம்புன்னு சொல்றோமே தவிர அது தசைநார்) இழுக்கற மாதிரி இருந்தா அது தசை பக்கத்து இறுக்கம், பயிற்சியால கொஞ்சம் மாறும். அதுக்கு பதிலா முன்னாடி, பாதமும் காலும் சேர்ற மடிப்புல ஏதோ மாட்டிக்கிட்ட மாதிரி, கிள்ற மாதிரி இருந்தா அது வேற கதை. பழைய சுளுக்குங்களுக்கு அப்புறம் அங்க திசு தடிச்சிருக்கலாம், சிலபேருக்கு எலும்பு விளிம்புல சின்ன முளை வளந்திருக்கும். கதவு கீல்ல கல்லு சிக்கியிருக்கறப்ப கதவை அழுத்தித் தள்ளினா கீலுதான் போகும், அதே மாதிரிதான் இதுவும், இதை ஸ்ட்ரெட்ச் பண்ணிப் பண்ணி அழுத்தினா வலிதான் ஏறும். முன்னாடி கிள்ளுதுன்னா கீழ நான் சொல்ற சுவர் பயிற்சியை வம்படியா பண்ணாதீங்க, ஒரு எலும்பு டாக்டர்கிட்ட காட்டி பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க, ஓசூர் ஜிஎச்லயோ கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிலயோ பாத்துக்கலாம். கணுக்கால் அடிக்கடி பொரளுது, வீங்குது, நடுவுல லாக் ஆகுதுன்னாலும் அதேதான். அந்த மாதிரி ஆளுங்களுக்கு குதிகாலை உசத்தறது நிரந்தர வழியாவே இருக்கலாம், அதுல ஒரு குறையும் இல்ல.

இப்ப உங்க கோச் சொன்னதுக்கு வரேன். ஏமாத்து வேலைங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். ஒலிம்பிக் வெயிட்லிஃப்டிங் ஆடறவங்க எல்லாம் குதிகால் உசந்த ஷூலதான் தூக்கறாங்க, அவங்க ஷூவுல குதிகால் முன்பாதத்தை விட சுமார் 2 சென்டிமீட்டர் உயரம், அவங்களை யாரும் ஏமாத்தறாங்கன்னு சொல்றதில்ல. பவர்லிஃப்டிங் போட்டி ரூல்லயும் இடுப்பு மடிப்பு முட்டி மேல்பகுதிக்குக் கீழ போகணும்னுதான் கேக்கறாங்க, கால்ல தட்டையான ஷூ போட்டியா, குதிகால் ஷூ போட்டியான்னு இல்ல. முட்டி விஷயத்துல அவர் சொல்றதுல பாதி உண்மை இருக்கு. குதிகாலை உசத்துனா முட்டி இன்னும் முன்னாடி போகும், நெஞ்சு நிமிரும், அதனால இடுப்புலயும் முதுகுலயும் இருந்த சுமையில கொஞ்சம் தொடை முன்தசைக்கும் முட்டிச் சில்லுக்கும் மாறும். ஆரோக்கியமான முட்டி இதைத் தாங்கும், பழக்கினா. பிரச்சனை எங்க வருதுன்னா, பாதி ஆழத்துல 60 கிலோ தூக்கிட்டிருந்த ஆள் பிளேட் வச்ச அன்னைக்கே அதே 60ஐ முழு ஆழத்துக்குக் கொண்டு போறாரு, புது ஆழத்துல முட்டிக்கு அது புது வெயிட், ரெண்டு வாரத்துல சில்லுக்குக் கீழ வலி வருது, பழி பிளேட் மேல விழுது. அதனால பாதியில தூக்கற வெயிட்டுல பாதியிலருந்து ஆரம்பிங்க, வாரத்துக்கு ரெண்டரை கிலோவுக்கு மேல ஏத்தாதீங்க. ஏற்கனவே சில்லுக்குக் கீழ தசைநார்ல வலி இருக்கற ஆளுன்னா அதுவும் வேகம்தான், இன்னும் மெதுவா.

பிளேட்டை வச்சு எனக்கு ஒரே குறை அது வழுக்கும்ங்கறது. டைல்ஸ் தரையில இரும்பு பிளேட் நகரும், வட்டமா இருக்கறதால குதிகால் விளிம்புல நிக்கும், ரெண்டு பிளேட்டும் ஒரே தடிமனான்னும் பாக்க மாட்டாங்க. நான் எல்லாருக்கும் சொல்றது பிளைவுட். ஏதாவது தச்சுப் பட்டறையில போயி கழிவுத் துண்டு கேளுங்க, 18 மில்லிமீட்டர்ல ஒண்ணு, 12ல ஒண்ணு, 6ல ஒண்ணு, ரெண்டரை அடி நீளம், அரை அடி அகலம், அடியில பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிட்டா நகராது. காசு கேக்காமயே குடுத்துடுவாங்க, கேட்டாலும் ஒரு டீ காசுதான். ரெண்டு குதிகாலும் அந்த ஒரே பலகை மேல, முன்பாதம் தரையில. வலது கால்தான் இறுக்கம்னு வலதுக்கு மட்டும் உசத்தாதீங்க, பார் தோள்ல இருக்கறப்ப இடுப்பு ஒரு பக்கம் சாஞ்சு நிக்கும், அதுல முதுகுக்கு என்ன லாபம்? ரெண்டுக்கும் ஒரே உயரம், இறுகின காலுக்கு எது தேவையோ அந்த உயரம்.

எவ்ளோ உயரம்ங்கறதுக்குத்தான் மேல சொன்ன கணக்கு. குதிகால்லருந்து பெருவிரல் அடிமேடு வரைக்கும் சராசரியா 18 சென்டின்னு வச்சுக்குவோம், 18 மில்லிமீட்டர் பலகை வச்சா பாதம் கிட்டத்தட்ட 6 டிகிரி சாயும். ஒரு சென்டிக்கு மூன்றரை டிகிரின்னா, அந்தப் பலகை உங்களுக்கு சுவர் அளவுல ஒன்றரை சென்டிக்கு மேல கொஞ்சம் கடன் குடுக்குது. 12 மில்லின்னா ஒரு சென்டி. அவ்ளோதான். இதை ஏன் சொல்றேன்னா, 4 சென்டி வர்ற கணுக்காலுக்கு பலகை மட்டும் வச்சா ஐந்தரை மாதிரி ஆகும், ஒரேயடியா 10 ஆகிடாது. அதுக்கு மேல வேணும்னா காலை இன்னும் கொஞ்சம் அகலமா வச்சு பாதத்தை 20, 30 டிகிரி வெளிப்பக்கம் திருப்பி, முட்டியையும் அதே திசையில விடுங்க, அப்ப கணுக்காலுக்கு வேலை குறையும். இந்த ரெண்டையும் சேத்துதான் நிறைய பேரு அன்னைக்கே முழு ஆழம் இறங்கிடறாங்க. ரெண்டரை மூணு சென்டிக்கு மேல உசத்தறதை மட்டும் நான் விரும்ப மாட்டேன், எடை முன்பாதத்துக்குப் போயிடும், விரல்ல நிக்கற மாதிரி ஆடும்.

பயிற்சிக்கு வருவோம். கெண்டைக்கால்ல ரெண்டு தசை இருக்கு, மேல பிதுங்கித் தெரியறது முட்டிக்கு மேலருந்து ஆரம்பிக்கும், அடியில தட்டையா இருக்கறது முட்டிக்குக் கீழ ஆரம்பிக்கும். ஸ்குவாட்ல முட்டி மடங்கிட்டதால மேல் தசை தளர்ந்துடுது, தடுக்கறது அடியில இருக்கறதுதான், கூட மூட்டோட உறையும். ஆனா ஜிம்ல எல்லாரும் பண்றது முட்டியை நீட்டி சுவரைத் தள்ற ஸ்ட்ரெட்ச். அது தப்பில்ல, ஓடறவங்களுக்கு நல்லது, நம்ம வேலைக்குத்தான் அவ்ளோ உதவாது. முட்டியை மடக்கி பண்ணணும்.

மூணே மூணு போதும். ஸ்குவாட்டுக்கு முன்னாடி சுவர் அளவு பாத்த அதே நிலையில நின்னு முட்டியை மெதுவா சுவர் வரைக்கும் கொண்டு போயி ரெண்டு செகண்ட் நிறுத்தி திரும்பறது, 15 தடவை, ரெண்டு சுத்து, வலதுக்கு ஒரு சுத்து கூட. அடுத்தது ஒரு டம்பெல்லை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு பலகை மேல குதிகாலை வச்சு முடிஞ்ச வரைக்கும் கீழ குந்துங்க, அங்கயே உக்காந்துக்கிட்டு உடம்பை வலது பக்கம் சாய்ச்சு, டம்பெல்லை வலது முட்டி மேல இறக்கி வச்சு 30 செகண்ட், அப்புறம் இடது, இப்படி மூணு முறை. இது முடிஞ்ச உடனே ஸ்குவாட்டுக்குப் போயிடணும், ஏன்னா இப்ப கிடைச்ச தளர்வு ரொம்ப நேரம் நிக்காது, போனை நோண்டிட்டு வந்தா திரும்ப இறுகிடும். மூணாவது, ஸ்குவாட் எல்லாம் முடிச்சதுக்கு அப்புறம், படிக்கட்டு விளிம்புல முன்பாதத்தை வச்சு முட்டியை லேசா மடக்கின மாதிரியே நாலு செகண்ட்ல குதிகாலை படிக்குக் கீழ இறக்கி, ரெண்டு செகண்ட் அடியில நின்னு, மேல ஏறுங்க. 12 தடவை, மூணு சுத்து, வாரத்துக்கு மூணு நாள். ரெண்டு வாரம் கழிச்சு ஒத்தைக் கால்ல, அப்புறம் கையில வெயிட்டோட. நீளற இடத்துல தசைக்கு வேலையும் குடுக்கறதால இந்த மூணாவதுல கிடைக்கறதுதான் நிக்குதுங்கறது என் அனுபவம், ஒண்ணைத்தான் பண்ண நேரம் இருக்குன்னு சொல்றவங்களுக்கு நான் இதைத்தான் குடுப்பேன். ஆனா குதிகால் நரம்பு எலும்போட ஒட்டற இடத்துல, ஷூ உரசற இடத்துல, ஏற்கனவே வலி இருந்தா படிக்குக் கீழ இறக்காதீங்க, தரை மட்டத்தோட நிறுத்திக்கங்க, அந்த வலிக்கு அவ்ளோ மடக்கறது ஆகாது.

ரப்பர் பேண்டை கணுக்கால்ல மாட்டி கம்பத்துல கட்டி இழுத்துக்கிட்டே பண்றது, உருளையை கெண்டைக்கால்ல போட்டு உருட்டறது, இதெல்லாம் வீடியோல பெருசா காட்டறாங்க. உருட்டினா கொஞ்ச நேரத்துக்கு தளரும், அது உண்மை. பேண்ட் சில ஆளுங்களுக்கு அன்னைக்கு நல்லா இருக்கு, ஆனா எட்டு வாரம் கழிச்சு பேண்ட் போட்டவங்களும் போடாதவங்களும் என் கிட்ட ஒரே மாதிரிதான் நிக்கறாங்க, அதனால நான் வலியுறுத்தறதில்ல. சும்மா நின்னுக்கிட்டு பண்ற ஸ்ட்ரெட்ச் மட்டும்னா ஆராய்ச்சிகளை எல்லாம் சேத்துப் பாத்தா சில வாரத்துல ரெண்டு மூணு டிகிரிதான் கூடுது, அதாவது சுவர் அளவுல ஒரு சென்டிக்கும் கம்மி. வெயிட்டோட பண்ணா அதைவிட கொஞ்சம் கூட வர்றதை பாக்கறேன், ரெண்டு சென்டி, அபூர்வமா மூணு. இதுல ஒரு சந்தேகமும் இருக்கு, சுவர்ல கூடின சென்டி அப்படியே பாருக்கு அடியிலயும் வரும்னு உத்தரவாதம் இல்ல, பழைய மாதிரியே இறங்கி பழகின உடம்பு புதுசா கிடைச்ச இடத்தை தானா எடுத்துக்காது, அதனாலதான் கீழ போயி மூணு செகண்ட் நின்னு எழும்பற ஸ்குவாட்டை கூடவே பண்ணச் சொல்றேன்.

ஒரு ஆளோட கணக்கைச் சொல்றேன், உங்களுக்கு ஒத்துவரும். பாலக்கோடு பக்கம், தக்காளி மண்டில லோடு ஏத்தற பையன், 24 வயசு, பைக்ல விழுந்து வலது கணுக்கால் பழைய சுளுக்கு. சுவர் அளவு இடது 10, வலது 5. முன்னாடி கிள்ளல் இல்ல, பின்னாடிதான் இழுக்குது. பாதி ஆழத்துல 60 கிலோ. அவனை பாரை விட்டு இறக்கி 18 மில்லி பலகை மேல 12 கிலோ டம்பெல்லோட ஆரம்பிச்சோம், வாரம் மூணு நாள், அன்னைக்கே தொடை தரைக்கு இணையா வந்துச்சு, அடுத்த வாரம் அதுக்கும் கீழ. மூணாவது வாரம் பார், 30 கிலோ. அப்ப வலது 6. ஆறாவது வாரத்துல வலது 7, பலகையை 12 மில்லிக்கு மாத்தினோம், ஒண்ணும் ஆகல. எட்டாவது வாரத்துல ஏழரை வந்து நின்னுடுச்சு. இவனுக்கு பலகையே வேணாம்னு ஆசை, ஒன்பதாவது வாரம் எடுத்துப் பாத்தான். முன்னாடிலருந்து பாத்தா நல்லாத்தான் இருந்துச்சு, பின்னாடிலருந்து போன்ல வீடியோ எடுத்தா கீழ போறப்ப இடுப்பு இடது பக்கம் நழுவுது, பார் ஒரு பக்கம் சாயுது, வலது குதிகால் ஒரு பேப்பர் நுழையற அளவு தூக்குது. அவனுக்கு அது தெரியவே இல்ல, முழு ஆழம் போயிட்டேன்னுதான் நினைச்சான். மறுபடி 12 மில்லி. அதுக்கப்புறம் வலது ஏழரைலயேதான் இருக்கு, பலகையும் 12லயேதான் இருக்கு, வெயிட்தான் 80க்குப் போயிருக்கு. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல, அவனுக்குத்தான் கொஞ்சம்.

அதனால உங்களுக்கு நான் சொல்ற அவகாசம் எட்டு வாரம். மூணு வாரத்துல அரை சென்டி கூட நகரலன்னா, அதுவும் ஒழுங்கா பண்ணி, அப்ப மூட்டுதான் தடுக்குதுன்னு சந்தேகப்படணும், யாராவது தெரிஞ்சவங்க கையால அசைச்சுப் பாக்கட்டும். நகந்துச்சுன்னா 18, 12, 6ன்னு இறக்கிக்கிட்டே வாங்க, ஒவ்வொரு தடவை இறக்கறப்பவும் பின்னாடிலருந்து வீடியோ, மேல சொன்ன நழுவல் தெரிஞ்சா ஒரு படி மேல போயிடுங்க. எங்க ஊரு பாட்டிங்க வேர்க்கடலை கொல்லையில நாளெல்லாம் குதிகாலை ஊனி குந்திக்கிட்டு களை எடுக்கறாங்களே, நமக்கு ஏன் வரலன்னு நிறைய பேரு கேக்கறாங்க. அவங்க அறுபது வருஷமா தினமும் குந்தறாங்க, கையில வெயிட் இல்ல, முதுகை வளைச்சுக்கலாம், தோள்ல பார் இருந்தா அந்த சலுகை கிடையாது. அதே சமயம் நீங்களும் வீட்ல டிவி பாக்கறப்ப கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு தினமும் ரெண்டு மூணு நிமிஷம் குந்தினா நஷ்டம் ஒண்ணும் இல்ல.

ஷூ. இப்ப எதுல ஸ்குவாட் பண்றீங்கன்னு எழுதல, ஓடற ஷூன்னா அதை முதல்ல மாத்துங்க. அதுலயும் குதிகால் 8, 10 மில்லி உசரமாத்தான் இருக்கும், ஆனா மெத்தைங்கறதால பார் ஏறின உடனே அமுங்கி அந்த உசரம் போயிடும், போதாததுக்கு ஒரு பக்கம் கூட அமுங்கி கணுக்கால் ஆடும். கடையில ஷூவை கையில எடுத்து குதிகால் பக்கவாட்டுல கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, உள்ள போச்சுன்னா வேணாம். கேன்வாஸ் ஷூ, அதான் ஸ்கூல் பசங்க போடற மாதிரி தட்டையா கெட்டியா இருக்கறது, பலகையோட சேத்து போட்டா எட்டு வாரத்துக்கு அதுவே தாராளம். கம்பெனி சேஃப்டி ஷூவோடயே ஜிம்முக்கு வர்ற ஓசூர் பசங்களைப் பாத்திருக்கேன், அடி கெட்டியா இருக்கு, குதிகாலும் உசரம்னு சொல்வாங்க. வெளியிலருந்து பாத்தா குதிகால் மூணு சென்டி தெரியும், ஆனா முன்பாதத்துக்கு அடியிலயும் ஒன்றரை ரெண்டு சென்டி இருக்கும், உங்களுக்குக் கிடைக்கறது ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான், அதோட கணுக்காலைச் சுத்தி இருக்கற கெட்டிக் கழுத்து முட்டி முன்னாடி போறதையே தடுக்கும். அதை லாக்கர்லயே விட்டுட்டு வாங்க. ஷூக்குள்ள போடற ஹீல் லிஃப்ட் துண்டு ஒரு சென்டி வரைக்கும் பரவால்ல, அதுக்கு மேல போட்டா குதிகால் ஷூவை விட்டு வெளிய வரும்.

லிஃப்டிங் ஷூ நல்ல பொருள்தான், குதிகால் அமுங்காது, மேல பட்டை இறுக்கிப் பிடிக்கும், பலகையைத் தூக்கிட்டு அலைய வேணாம், பாதம் முழுக்க ஒரே சாய்வுல நிக்கறதால பலகையை விட நிதானமாவும் இருக்கும். ஆனா சில ஆயிரம் ரூபா. அதனால இப்ப வாங்காதீங்க. எட்டு வாரம் கழிச்சு 6 மில்லில நல்லா இறங்கறீங்கன்னா கேன்வாஸ் ஷூவே போதும், காசு மிச்சம். 12லயோ 18லயோ நின்னுட்டீங்கன்னா, இல்ல முன்னாடி கிள்ற வகைன்னா, அப்ப தாராளமா வாங்குங்க, அது வருஷக்கணக்கா உழைக்கும். வாங்கறப்ப வெளிய தெரியற குதிகால் உயரத்தைப் பாக்காம முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் உள்ள வித்தியாசம் எவ்ளோன்னு கேளுங்க, 15லருந்து 20 மில்லிக்குள்ள இருக்கும். ஆன்லைன்ல வாங்கினா சைஸ் மாத்திக்கற வசதி இருக்கான்னு பாத்துக்கங்க, நம்ம ஆளுங்க செருப்பு போட்டு வளந்த பாதம், முன்னாடி அகலம், குறுகலான ஷூல விரல் நெருக்கும், விரல் நெருக்கினா பாதம் தரையைப் பிடிக்காது. வாங்கின அப்புறம் டெட்லிஃப்ட் பண்றப்ப மட்டும் அதைக் கழட்டிடுங்க, அங்க குதிகால் உசந்தா உடம்பு முன்னாடி தள்ளப்படும், பாரை இன்னும் ரெண்டு சென்டி அதிகமா தூக்க வேண்டியும் வரும்.

சுவர் அளவு ரெண்டு காலும் எடுத்துட்டு, எங்க பிடிக்குதுன்னும் பாத்துட்டு இங்கயே கீழ எழுதுங்க, வீடியோ இருந்தா பின்னாடிலருந்து எடுத்தது.